கிளவுட் ஸ்டோரேஜ், ஆபீஸ் சாஃப்ட்வேர்: உங்க வீட்டுக்கு மாசம் எவ்வளவு ஆகணும்? ஒரு குடும்பத்தோட முழு கணக்கு



போன மாசம் என் தம்பி ஃபோன் பண்ணினான். "அண்ணா, அம்மா ஃபோன்ல 'ஸ்டோரேஜ் ஃபுல்'னு வந்துச்சு, உடனே 100 ஜிபி வாங்கிட்டேன். இப்ப என் ஐஃபோன்லயும் அதே மெசேஜ். எதுதான் வாங்குறது, ஒரேயடியா 2 டிபி போட்டுடவா?"

"இப்ப மொத்தமா மாசம் எவ்வளவு கட்டுற?"னு கேட்டேன். "என்ன, ஒரு 300 ரூபாய் இருக்கும்"னான். உட்கார்ந்து எழுதிப் பார்த்தா ₹1,024. வருஷத்துக்கு ₹12,288. நாலு பேர் இருக்கிற வீடு: தம்பி, அவன் மனைவி, ரெண்டு வயசுக் குழந்தை, எங்க அம்மா.

இந்தப் பதிவுல அந்த ஒரு வீட்டுக் கணக்கை மட்டும் முழுசா போட்டுக் காட்டப்போறேன். கடைசியில அது ₹327-ல முடிஞ்சது. ஆனா நீங்க எடுத்துட்டுப் போக வேண்டியது அந்தத் தொகையை இல்லை, அது எப்படிக் குறைஞ்சதுங்கிற வழியை. உங்க வீட்டு எண்கள் வேறயா இருக்கும், வழி ஒண்ணுதான்.

முதல்ல ஒரு பட்டியல்

தம்பி தப்பா சொன்னதுக்குக் காரணம் அவனோட மறதி இல்லை. இந்தப் பணம் எல்லாம் நம்மைக் கேட்காமலே போகுது. ரிசர்வ் வங்கி விதிப்படி, ஒரு தடவை ஆட்டோ பே-க்கு ஒப்புதல் கொடுத்துட்டா, ₹15,000 வரைக்குமான தொகைக்கு ஒவ்வொரு மாசமும் ஓடிபி தேவையில்லை. எடுக்கிறதுக்கு 24 மணி நேரம் முன்னாடி ஒரு தகவல் வரும். அந்த எஸ்எம்எஸ்-ஐ நாம யாரும் படிக்கிறதில்லை. ₹75, ₹130 மாதிரியான சின்னத் தொகைகள் அப்படியே நழுவிடும்.

அதனால இப்படித் தேடுங்க. உங்க யுபிஐ ஆப்ல Autopay பகுதியைத் திறங்க. ஆண்ட்ராய்டு ஃபோன்ல ப்ளே ஸ்டோர் போய், மேல இருக்கிற உங்க படத்தைத் தொட்டு, Payments & subscriptions பாருங்க. ஐஃபோன்ல Settings திறந்து, உங்க பெயரைத் தொட்டா Subscriptions இருக்கும். கிளவுட் பிளான் எதுன்னு அதே இடத்துல iCloud-க்குள்ளயும் பாருங்க. கடைசியா கார்டு ஸ்டேட்மென்ட். அதை மூணு மாசத்துக்குப் பார்த்தா போதாது, 13 மாசத்துக்குப் பாருங்க. வருஷ பிளான் வருஷத்துக்கு ஒரு நாள்தான் தலை காட்டும், அது 12 மாச இடைவெளியில எந்த நாள்ல வேணும்னாலும் இருக்கலாம்.

தம்பி வீட்டுல கிடைச்சது இவ்வளவு:

- தம்பி ஐஃபோன்: ஐக்ளவுட் பிளஸ் 50 ஜிபி, மாசம் ₹75
- தம்பி லேப்டாப்: மைக்ரோசாஃப்ட் 365 பர்சனல், மாசம் ₹689
- மனைவி ஆண்ட்ராய்டு ஃபோன்: கூகுள் ஒன் 100 ஜிபி, மாசம் ₹130
- அம்மா ஆண்ட்ராய்டு ஃபோன்: கூகுள் ஒன் 100 ஜிபி, மாசம் ₹130

மொத்தம் ₹1,024. இது எல்லாம் நான் கணக்குப் போட்டப்ப இருந்த இந்திய விலை, ஜிஎஸ்டி உள்பட. கம்பெனிகள் இதை மாத்திக்கிட்டே இருப்பாங்க. மைக்ரோசாஃப்ட் 365 பர்சனல் மாசம் ₹489-ஆ இருந்து, 2025-ல ₹689 ஆச்சு. அதனால வாங்குறதுக்கு முன்னாடி அன்னைக்கு இருக்கிற விலையைப் போட்டுக்கோங்க.

இன்னொண்ணு. சம்பளக்காரங்களுக்கு இந்தச் செலவுல வரிக் கழிவு எதுவும் கிடையாது, கட்டின ஜிஎஸ்டியும் திரும்ப வராது. நீங்க 30% ஸ்லாபில இருந்தா, செஸ் சேர்த்து 31.2%. அப்போ ₹12,288 கட்டுறதுக்கு நீங்க சுமார் ₹17,860 சம்பாதிக்கணும். எல்லாமே வரி போக மிஞ்சின பணம்.

ஜிபிக்கு என்ன விலைங்கிற கணக்கு ஏன் ஏமாத்தும்?

எல்லாரும் போடுற முதல் கணக்கு இதுதான். கூகுள் ஒன்ல 100 ஜிபி ₹130, அப்போ ஒரு ஜிபி ₹1.30. 2 டிபி ₹650, அப்போ ஒரு ஜிபி வெறும் 32 பைசா. "நாலு மடங்கு மலிவா கிடைக்குதே, பெரிசா வாங்கிடலாமே!"

ரெண்டு பேர் சாப்பிடற வீட்டுக்கு மூட்டைக் கணக்குல தக்காளி வாங்குற மாதிரிதான் இது. கிலோவுக்கு மலிவுதான், ஆனா பாதி அழுகிடும். ஸ்டோரேஜ்ல அழுகறதுன்னா, நீங்க தொடாத ஜிபிக்கும் மாசா மாசம் காசு போறது.

சரியான கணக்கு, நீங்க உண்மையில *நிரப்பின* ஜிபிக்கு என்ன விலைங்கிறது. தம்பி மனைவி 38 ஜிபி நிரப்பியிருக்காங்க. 100 ஜிபி பிளான்ல அவங்க ஒரு ஜிபிக்குக் கொடுக்கிறது ₹3.42. அவங்களே 2 டிபி வாங்கியிருந்தா ₹17.10. விளம்பரத்துல நாலு மடங்கு மலிவா தெரிஞ்சது, நடைமுறையில அஞ்சு மடங்கு விலை.

அதனால அடுத்த வேலை, யார் எவ்வளவு நிரப்பியிருக்காங்கன்னு அளக்கிறது. கூகுளுக்கு one.google.com/storage பக்கத்துல பிரிச்சுக் காட்டும். ஐஃபோன்ல Settings-ல பெயரைத் தொட்டு iCloud போனா கலர் கலரா ஒரு பட்டை வரும். தம்பி வீட்டு அளவு:

- தம்பி ஐக்ளவுட்: 47 ஜிபி (படம், வீடியோ 36, ஃபோன் பேக்கப் 8, மற்றவை 3)
- தம்பி ஜிமெயில்: 9 ஜிபி
- தம்பி ஒன்டிரைவ்: 3 ஜிபி
- மனைவி கூகுள் கணக்கு: 38 ஜிபி
- அம்மா கூகுள் கணக்கு: 21 ஜிபி

கூகுள் ஒவ்வொரு கணக்குக்கும் 15 ஜிபி இலவசமா தருது. ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூணுக்கும் சேர்த்து அது. ஆப்பிளும் மைக்ரோசாஃப்ட்டும் இலவசமா தர்றது 5 ஜிபிதான். இந்த வித்தியாசத்தை ஞாபகம் வச்சுக்கோங்க, கீழே ரெண்டு இடத்துல இதுதான் முடிவை மாத்தப்போகுது.

அம்மாவோட 21 ஜிபி: குட்மார்னிங் படங்கள்

அம்மா ஃபோட்டோ எடுக்கிறதே அபூர்வம். பேத்தி படம் கொஞ்சம், கோயில் படம் கொஞ்சம். அவங்களுக்கு எப்படி 21 ஜிபி?

பிரிச்சுப் பார்த்தா அதுல 12 ஜிபி வாட்ஸ்அப் பேக்கப். முன்னாடி ஆண்ட்ராய்டுல வாட்ஸ்அப் பேக்கப் கூகுளோட கணக்குல சேராது. 2024-ல இருந்து அந்த 15 ஜிபிக்குள்ளயே சேருது. ஆறு குடும்ப குரூப், நாலு பக்தி குரூப், தினமும் வர்ற குட்மார்னிங் படம், சமையல் வீடியோ, எல்லாமே பேக்கப்புக்குள்ள போய் உட்கார்ந்திருக்கு. அதுக்குத்தான் மாசம் ₹130 போய்க்கிட்டிருந்தது.

செஞ்சது ரொம்ப எளிமை. முதல்ல பேத்தி வீடியோ மாதிரி வேணுங்கிறதை மட்டும் கேலரியில சேமிச்சு கூகுள் போட்டோஸ்ல ஏத்தினோம். அப்புறம் வாட்ஸ்அப்ல Settings, Chats, Chat backup போய், Include videos-ஐ நிறுத்தினோம். பக்தி குரூப் வீடியோக்களை ஃபோன்ல இருந்தே நீக்கிட்டு, புதுசா ஒரு பேக்கப் எடுத்தோம். 12 ஜிபி, 2 ஜிபி ஆச்சு. அம்மா கணக்கு 21-ல இருந்து 11-க்கு வந்துடுச்சு. இலவச 15-க்குள்ள அடங்கிட்டாங்க.

இந்த வரிசையை மாத்திடாதீங்க. வீடியோவை பேக்கப்ல இருந்து நிறுத்தினதுக்கு அப்புறம் ஃபோன் தொலைஞ்சாலோ மாத்தினாலோ, வாட்ஸ்அப்ல மட்டும் இருந்த வீடியோக்கள் திரும்ப வராது. வேணுங்கிறதை வெளியே எடுத்து வச்சதுக்கு அப்புறம்தான் அந்தப் பொத்தானைத் தொடணும்.

"இடம் நிறைஞ்சா என்ன, புதுப் படம் ஏறாது, அவ்வளவுதானே?"னு தம்பி கேட்டான். கூகுள் கணக்குல அப்படி இல்லை. 15 ஜிபியும் நிறைஞ்சா ஜிமெயிலுக்கு வர்ற மெயிலும் நின்னுடும். அம்மாவோட மெடிக்கல் பாலிசி ரினியூவல் தகவல், பேங்க் மெயில் எல்லாம் அனுப்பினவங்களுக்கே திரும்பிப் போயிடும். ரெண்டு வருஷம் அளவுக்கு மேலயே விட்டு வச்சா உள்ளே இருக்கிறதையும் அவங்க நீக்கலாம்னு விதி இருக்கு. அதனால 'ஃபுல்' மெசேஜை அலட்சியம் பண்ணாதீங்க. ஆனா அதைப் பார்த்த உடனே பிளான் வாங்கவும் ஓடாதீங்க. எது அடைச்சுக்கிட்டு இருக்குன்னு ஒரு தடவை பாருங்க.

தம்பியோட ஐஃபோன்: இங்கதான் பெரிய பணம்

இப்போ இந்தக் கணக்கோட மையத்துக்கு வர்றோம்.

தம்பிக்கு 47 ஜிபி இருக்கு, பிளான் 50 ஜிபி. அடுத்த படி 200 ஜிபி ₹219. அதுக்கு அடுத்தது 2 டிபி ₹749. நடுவுல எதுவும் கிடையாது. 200-க்கு மேல ஒரு ஜிபி போனாலும் ₹749 கட்டணும். அதனால அவன் இன்னைக்கு எவ்வளவு வச்சிருக்கான்கிறதை விட, மாசத்துக்கு எவ்வளவு வளருதுங்கிறதுதான் முக்கியம்.

"வாரத்துக்கு எவ்வளவு வீடியோ எடுப்பே?"னு கேட்டேன். "குழந்தை நடக்கிறது, பேசுறதுன்னு ஒரு பத்து நிமிஷம் வரும்ணா." பத்து நிமிஷம் ஒண்ணும் அதிகமில்லை. ஆனா சமீபத்துல யாரோ சொன்னாங்கன்னு கேமரா செட்டிங்கை 4K at 60 fps-னு மாத்தியிருக்கான்.

ஐஃபோன்ல Settings, Camera, Record Video போனீங்கன்னா, ஒரு நிமிஷ வீடியோ எவ்வளவு இடம் எடுக்கும்னு அவங்களே அடியில எழுதியிருப்பாங்க. High Efficiency முறையில 1080p HD at 30 fps-னா நிமிஷத்துக்கு 60 எம்பி. 4K at 30 fps-னா 170 எம்பி. 4K at 60 fps-னா 400 எம்பி.

இப்போ பெருக்கிப் பாருங்க. வாரம் பத்து நிமிஷம், 400 எம்பி வீதம், வாரத்துக்கு 4 ஜிபி. வருஷத்துக்கு 208 ஜிபி. அதே பத்து நிமிஷம் 60 எம்பி வீதம்னா வாரத்துக்கு 0.6 ஜிபி, வருஷத்துக்கு சுமார் 31 ஜிபி. படங்களுக்கு வருஷம் 9 ஜிபி ரெண்டுலயும் சேர்த்துக்குவோம்.

4K at 60 fps-லயே விட்டா வருஷத்துக்கு 217 ஜிபி வளரும். ₹219 பிளான் வாங்கினாலும் மீதி இருக்கிற 153 ஜிபி எட்டு, ஒன்பது மாசத்துல முடிஞ்சிடும். அப்புறம் ₹749.

1080p-க்கு மாத்தினா வருஷத்துக்கு 40 ஜிபி. ரெண்டு வருஷம் கழிச்சும் 47 + 80 = 127 ஜிபி. ₹219 பிளான்லயே நிம்மதியா இருக்கலாம்.

ஒரே குழந்தை, ஒரே பத்து நிமிஷம். கேமராவுல ஒரு வரி மாத்துறதுக்கு மாசம் ₹530, வருஷம் ₹6,360 வித்தியாசம். எந்தக் கம்பெனி மலிவுன்னு தேடினா இவ்வளவு பெரிய வித்தியாசம் கிடைக்கவே கிடைக்காது.

"குவாலிட்டி போயிடாதாண்ணா?" நியாயமான கேள்வி. ஃபோன்லயும் சாதாரண டிவியிலயும் வீட்டு வீடியோ பார்க்க 1080p போதும். பெரிய 4கே டிவியில போட்டா வித்தியாசம் தெரியும். அதனால நான் அவன்கிட்ட சொன்னது இதுதான்: தினசரிக்கு 1080p. பிறந்தநாள், காதுகுத்து மாதிரி விசேஷ நாள்ல மட்டும் 4K at 30 fps. அப்படி வருஷத்துக்கு ஒரு மணி நேரம் எடுத்தாலும் 10 ஜிபிதான் கூடும். அது கூடினாலும் ரெண்டு வருஷத்துல 150 ஜிபியைத் தாண்டாது.

"எல்லாத்தையும் கூகுளுக்கே மாத்திடலாமா?"

இது தம்பி மனைவி கேட்டது. நல்ல யோசனை, கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டிய யோசனை. ஏன்னா கூகுள் ஒன் பிளானை இன்னும் அஞ்சு பேரோட பகிரலாம். ஒவ்வொருத்தரும் முதல்ல தன்னோட இலவச 15 ஜிபியைப் பயன்படுத்துவாங்க, அது நிறைஞ்சதும் பொதுவான இடத்துல இருந்து எடுத்துக்குவாங்க. ஒருத்தர் படத்தை இன்னொருத்தர் பார்க்க முடியாது. பகிர்றது இடத்தை மட்டும்தான், ஆல்பத்தை இல்லை. இதைத் தெரியாம நிறைய வீட்டுல தனித்தனியா பிளான் வாங்குறாங்க.

ரெண்டு வழியையும் ரெண்டு வருஷம் முன்னே வச்சுப் பார்ப்போம். மனைவிக்கு மாசம் 1.5 ஜிபி வளருது. இப்ப இருக்கிற 38, ரெண்டு வருஷத்துல 74 ஆகும்.

முதல் வழி: மனைவிக்கு கூகுள் 100 ஜிபி, தம்பிக்கு ஐக்ளவுட் 200 ஜிபி. கூகுளை மாசா மாசம் கட்டாம வருஷத்துக்கு மொத்தமா கட்டினா ₹1,300, மாசம் ₹108 விழும். ஐக்ளவுட்டுக்கு வருஷ பிளான் கிடையாது, ₹219-தான். மொத்தம் மாசம் ₹327.

ரெண்டாவது வழி: தம்பி படங்களையும் கூகுள் போட்டோஸ்க்கு மாத்தி, கூகுள் 200 ஜிபியை வீட்டுக்கே பொதுவா வாங்கறது. வருஷத்துக்கு ₹2,100, மாசம் ₹175. ரெண்டு வருஷத்துல மனைவி 74, தம்பியோட படங்கள் 116, மெயில் 9, அவன் இலவசமான 15 போக 110. மொத்தம் 184. அடங்குது. ஆனா ஐக்ளவுட் செலவு பூஜ்ஜியம் ஆகாது. ஐஃபோனோட முழு பேக்கப் ஐக்ளவுட்டுக்குத்தான் போகும், கூகுளுக்குப் போகாது. பேக்கப் 8, மற்றவை 3, ஆக 11 ஜிபி. ஆப்பிள் இலவசமா தர்ற 5 ஜிபிக்குள்ள இது அடங்காது. ₹75 பிளான் தொடரணும். மொத்தம் ₹250.

ரெண்டாவது வழி மாசம் ₹77 மலிவு, வருஷத்துக்கு ₹928. அதுக்குப் பதிலா தம்பி 36 ஜிபி படங்களை மாத்தணும், அடிக்கடி கூகுள் போட்டோஸ் ஆப்பைத் திறந்து எல்லாம் ஏறிடுச்சான்னு பார்க்கணும், அப்புறம் ஐக்ளவுட்ல இருந்து கவனமா நீக்கணும். அவன் இதையெல்லாம் செய்யற ஆள் இல்லைன்னு அவனே ஒத்துக்கிட்டான். முதல் வழியை எடுத்துக்கிட்டான். நானும் தடுக்கலை. மாற்றம் பாதியில நின்னா படங்கள் தொலைய வாய்ப்பு இருக்கு. நீங்க பொறுமையா செய்வீங்கன்னா ₹928 உங்களுக்கு.

வீட்டுல எல்லாருமே ஆண்ட்ராய்டுன்னா இந்தக் குழப்பமே இல்லை. ஒரே கூகுள் பிளான், எல்லாருக்கும் பகிர்ந்துடுங்க. எல்லாருமே ஐஃபோன்னா, ஐக்ளவுட் பிளஸையும் அதே மாதிரி இன்னும் அஞ்சு பேரோட பகிரலாம். ரெண்டும் கலந்த வீட்டுலதான் இந்த மாதிரி ரெண்டு பிளான் தேவைப்படும்.

பகிரும்போது ஒரு விஷயம். கூகுள் குடும்பக் குழுவை 12 மாசத்துக்கு ஒரு தடவைதான் மாத்த முடியும். அதனால இன்னைக்கு நண்பர்களோட குழு, அடுத்த மாசம் குடும்பத்தோட குழுன்னு தாவ முடியாது. அதே மாதிரி பிளானைக் கட்டுறவர் நிறுத்தினா, பகிர்ந்துக்கிட்ட எல்லாருக்கும் சேர்த்து நின்னுடும்.

₹689: அந்த எக்செல் உண்மையிலேயே வேணுமா?

பட்டியல்லயே பெரிய தொகை இதுதான், ஆனா தம்பி கண்ணுக்கே படலை. எதுக்கு வச்சிருக்கேன்னு கேட்டா, "வீட்டு பட்ஜெட் ஷீட் ஒண்ணு, ரெஸ்யூமே ஒண்ணு"ன்னான். ஆபீஸ் வேலைக்கு ஆபீஸ் லேப்டாப்ல கம்பெனியே லைசென்ஸ் கொடுத்திருக்கு.

பட்ஜெட் ஷீட்டும் ரெஸ்யூமேவும் பிரவுசர்லயே இலவசமா முடியும். கூகுள் ஷீட்ஸ் இருக்கு. எக்செல்தான் பழக்கம்னா, மைக்ரோசாஃப்ட் கணக்கு ஒண்ணு இருந்தா பிரவுசர் எக்செல் இலவசம். அதுல விபிஏ மேக்ரோ ஓடாது, ரொம்பப் பெரிய ஃபைல்ல திணறும். ஃப்ரீலான்ஸ் கணக்கு எழுதறவங்க, மேக்ரோ வச்ச ஷீட்ல வேலை செய்யறவங்களுக்கு டெஸ்க்டாப் எக்செல் வேணும், மத்தவங்க யோசிக்கலாம். தம்பியோட ஒன்டிரைவ்ல 3 ஜிபிதான் இருக்கு. சந்தா நின்னாலும் இலவச 5-க்குள்ள அது இருக்கும். சந்தா நின்னதும் டெஸ்க்டாப் எக்செல்ல ஃபைலைத் திறந்து பார்க்கலாம், திருத்த முடியாது. ஃபைல் எங்கேயும் போகாது.

டெஸ்க்டாப் ஆபீஸ் கட்டாயம் வேணும்னா இந்தக் கணக்கைப் பாருங்க. பர்சனல் மாசா மாசம் ₹689. வருஷத்துக்குக் கட்டினா ₹6,899, மாசம் ₹575. ஃபேமிலி பிளான் வருஷத்துக்கு ₹8,199, மாசம் ₹683. அதாவது ஒருத்தருக்கு மாசா மாசம் கட்டுறதை விட, ஆறு பேருக்கு வருஷத்துக்குக் கட்டுறது மலிவு! வீட்டுல ரெண்டு பேருக்கு ஆபீஸ் வேணும்னா ஃபேமிலிதான்.

ஆனா "6 டிபி ஸ்டோரேஜ்"னு அதுல போட்டிருக்கிறதைப் பார்த்து மயங்காதீங்க. அது ஆளுக்கு 1 டிபி. ஒருத்தர் மிச்சத்தை இன்னொருத்தர் எடுக்க முடியாது. அதை விட முக்கியம், ஆண்ட்ராய்டோட வாட்ஸ்அப் பேக்கப்பும் ஐஃபோன் பேக்கப்பும் ஒன்டிரைவுக்குப் போகாது. எவ்வளவு இடம் இருக்குன்னு பார்க்கிறதுக்கு முன்னாடி, உங்க ஃபோன் அங்க எழுதுமான்னு பாருங்க.

இதைப் படிக்கிற சம்பளக்காரங்களுக்கு ஒரு எச்சரிக்கை. "ஆபீஸ் ஒன்டிரைவ்ல 1 டிபி சும்மா கிடக்கே"ன்னு குழந்தை படங்களை அங்க ஏத்திடாதீங்க. அந்த இடம் கம்பெனியோடது. வேலையை விடுற அன்னைக்கு சாயங்காலம் உங்க லாகின் போயிடும், உள்ளே இருக்கிறதும் அதோட போயிடும். மாசம் ₹108 மிச்சம் பிடிக்க எடுக்கிற ரிஸ்க் இல்லை அது.

இலவசமா 2 டிபி கிடைச்சா?

மொபைல் பிளானோட, பிராட்பேண்டோட சில மாசத்துக்கு ஸ்டோரேஜ் இலவசம்னு இப்போ நிறைய ஆஃபர் வருது. வாங்கிக்கலாமா? வாங்கிக்கலாம். ஆனா அந்த ஆஃபரோட விலை பூஜ்ஜியம் இல்லை. ஆஃபர் முடியற அன்னைக்கு நீங்க எவ்வளவு நிரப்பியிருப்பீங்களோ, அதுக்கான பிளான்தான் விலை.

இடம் நிறைய இருக்குன்னு தம்பி 4K at 60 fps-லயே விட்டிருந்தா, ஒன்றரை வருஷத்துல 300 ஜிபிக்கு மேல ஏறியிருக்கும். அதுக்கப்புறம் 2 டிபிக்கு மாசம் ₹650, ₹749-னு கட்டிக்கிட்டே இருக்கணும், இல்லைன்னா உட்கார்ந்து குழந்தை வீடியோக்களை ஒவ்வொண்ணா அழிக்கணும். இலவச காலத்துலயும் உங்க பழைய அளவுக்குள்ளயே இருங்க. முடியற தேதிக்கு ஒரு மாசம் முன்னாடி காலண்டர்ல ஒரு நினைவூட்டல் போட்டுடுங்க.

கடைசிக் கணக்கு

முன்னாடி: 75 + 689 + 130 + 130 = மாசம் ₹1,024. வருஷம் ₹12,288.

இப்போ: கூகுள் 100 ஜிபி வருஷத்துக்கு ₹1,300, அம்மாவையும் அதுல சேர்த்தாச்சு. ஐக்ளவுட் 200 ஜிபி வருஷத்துக்கு ₹2,628. மொத்தம் வருஷம் ₹3,928, மாசம் ₹327.

வருஷத்துக்கு மிச்சம் ₹8,360. எக்செல் கட்டாயம் வேணும்னு பர்சனலை வருஷக் கணக்குல வச்சிருந்தாலும் மொத்தம் மாசம் ₹902-தான் வந்திருக்கும், பழசை விட குறைவு.

அந்த மிச்சத்துல முதல் வருஷம் ஒரு வேலை செய்யச் சொன்னேன்: ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் வாங்கு. ஏன்னா கிளவுட்ல இருக்கிறது ஒத்திசைவு, தனிப் பிரதி இல்லை. ஃபோன்ல ஒரு வீடியோவை அழிச்சா கிளவுட்லயும் அழியும். ஐஃபோன்ல Recently Deleted-ல 30 நாள், கூகுள் போட்டோஸ் குப்பைத் தொட்டியில 60 நாள் இருக்கும், அப்புறம் கிடையாது. ரெண்டு வயசுக் குழந்தை கையில ஃபோன் இருக்கிற வீட்டுல இது சின்ன விஷயம் இல்லை. வருஷத்துக்கு ஒரு தடவை, குழந்தை பிறந்தநாள் அன்னைக்குன்னு வச்சுக்கோங்க, எல்லாத்தையும் டிஸ்க்ல ஒரு பிரதி எடுத்து பீரோவுல வச்சிடுங்க.

பழைய பிளானை நிறுத்தும்போதும் ஒரு வரிசை இருக்கு. முதல்ல இடத்தைக் குறைங்க, அப்புறம் அளவு குறைஞ்சிடுச்சான்னு பாருங்க, அதுக்கப்புறம் பிளானை ரத்து பண்ணுங்க. கடைசியா யுபிஐ ஆட்டோ பே பட்டியல்லயும் அது போயிடுச்சான்னு ஒரு தடவை பார்த்துடுங்க.

இந்த வாரக் கடைசியில அரை மணி நேரம் ஒதுக்கி உங்க வீட்டுப் பட்டியலை எழுதுங்க. மூணே பத்தி போதும்: எவ்வளவு கட்டுறோம், எவ்வளவு நிரப்பியிருக்கோம், மாசம் எவ்வளவு வளருது. மூணாவது பத்தி காலியா இருக்கிற வரைக்கும் எந்தப் பிளானையும் வாங்காதீங்க. அந்தப் பத்தியில பெரிய எண் வந்தா, முதல்ல கேமரா செட்டிங்கைத் திறந்து பாருங்க.